இரண்டு கோடுகளும் அடிவயிற்று வலியும்

மருந்துக்கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டை, உடலில் கரு உருவாகியிருக்கிறதா என்ற ஒரு கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது; அக்கரு எங்கே தங்கியிருக்கிறது என்பதை அறிய அதற்கு வழியில்லை. கருவின் வெளிப்புற உயிரணுக்கள் சுரக்கும் எச்.சி.ஜி. என்னும் இயக்குநீர் தாயின் இரத்தத்தில் கலந்து, சிறுநீரோடு வெளியேறுகிறது. அட்டையில் தோன்றும் இரண்டாவது கோடு அந்த இயக்குநீரின் அடையாளம். கரு கருப்பைக்குள் முறையாக வேரூன்றியிருந்தாலும், அதற்குச் செல்லும் வழியிலேயே சிக்கிக்கொண்டிருந்தாலும் சுரப்பது அதே இயக்குநீர்தான், விழுவது அதே கோடுதான். நாள் தள்ளிப்போவதும் குமட்டலும் மார்பு கனப்பதும்கூட இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், உடலின் தொடக்க அறிகுறிகளைக் கொண்டு எவராலும் வேறுபாடு காண இயலாது.

கருப்பையின் இருபுறமும் உள்ள கருக்குழாய்களில் ஒன்றில்தான் முட்டையும் விந்தணுவும் சேர்கின்றன. சேர்ந்து உருவான கரு, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்மயிர்களின் அசைவாலும் தசையின் மெல்லிய சுருக்கங்களாலும் நகர்ந்து, மூன்று நான்கு நாள்களில் கருப்பையை அடைந்து, பிறகு அதன் சுவரில் பதிய வேண்டும். பழைய நோய்த்தொற்றோ அறுவையோ உட்சுவரைப் பழுதாக்கியிருந்தால், சில வேளைகளில் எந்தக் காரணமும் புலப்படாமலேயே, கரு நடுவழியில் நின்று குழாயின் சுவரிலேயே பதிந்துவிடுகிறது. இதனையே மருத்துவர்கள் எக்டோபிக் என்றும், மருத்துவமனை வழக்கில் டியூப் கர்ப்பம் என்றும் சொல்கின்றனர். நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு இவ்வாறு உரிய இடம் தவறி அமைகின்றன. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை கருக்குழாயில் தங்குபவை, எஞ்சியவை சூலகத்திலோ, கருப்பை வாயிலோ, பழைய சிசேரியன் தழும்பிலோ தங்குபவை. கருப்பையின் சுவர் கனத்த தசையாலானது, வளரும் கருவுக்கேற்ப விரியக்கூடியது. கருக்குழாயோ மெல்லியது, கரு தன் வேர்களைச் செலுத்தும்போது அதன் சுவர் அரிக்கப்பட்டு, இரத்தக்குழாய்கள் திறந்துகொள்கின்றன. அவ்வாறு தங்கிய கருவை எடுத்துக் கருப்பைக்குள் வைத்துக் காப்பாற்றும் முறை எதுவும் இன்றுவரை இல்லை.

இக்கர்ப்பத்தின் தொல்லைகள் பெரும்பாலும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டால் ஆறாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில் வெளிப்படுகின்றன. பரிசோதனை அட்டை ஐந்தாவது வாரத்திலேயே கோடு காட்டிவிடுகிறது. ஆனால் நம் குடும்பங்களில் முதல் ஸ்கேனுக்குச் செல்வது பல வேளைகளில் இரண்டாம் மாதம் முடிந்த பிறகுதான். சில வீடுகளில் மூன்று மாதம் நிறையும்வரை செய்தியையே வெளியே சொல்லுவதில்லை. கோடு விழுந்த நாளுக்கும் ஸ்கேன் எடுக்கும் நாளுக்கும் இடைப்பட்ட இந்தச் சில வாரங்களில்தான் ஆபத்து முழுவதும் அடங்கியிருக்கிறது. மருத்துவர் ஒருவர், கொங்கு நாட்டின் அரசு மருத்துவமனை ஒன்றில் மகப்பேறு முதுகலைப் பயிற்சியில் இருந்த காலத்தில் பார்த்த நோயாளிகள் அந்த இடைவெளியிலிருந்தே வந்தவர்கள். அவர்களுள் ஒருவரின் வரலாறு சற்று விரிவாகச் சொல்லத்தக்கது.

பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்த்துவந்த அப்பெண்ணுக்கு அப்போது வயது 27. நான்கு வயதில் ஒரு மகன் இருந்தான். நாள் தள்ளிப்போனதும் கிட் வாங்கிப் பார்த்து, இரண்டு கோடு வந்ததும் கணவரிடமும் மாமியாரிடமும் மட்டும் சொல்லியிருந்தார். ஒரு வாரம் கழித்துப் பழுப்பு நிறத்தில் சிறிதளவு கசிவு கண்டது. கரு கருக்குழாயில் இருக்கும்போது, அதற்காகத் தடித்திருந்த கருப்பையின் உட்படலம் போதிய இயக்குநீர் இல்லாமல் சிதைந்து உதிர்வதால் இத்தகைய கசிவு ஏற்படுகிறது. அதன் அளவு சிறிதாக இருப்பதே ஏமாற்றக்கூடியது, ஏனெனில் உண்மையான இரத்தப்போக்கு வயிற்றுக்குள் நிகழ்கிறது. வீட்டில் உள்ளவர்கள், சூடு பிடித்துவிட்டது என்று கருதி இளநீர் கொடுத்தனர். அடுத்த நாள் அடிவயிற்றின் வலப்பக்கத்தில் விட்டுவிட்டுக் குத்தும் வலி தொடங்கியது. கடையில் கேஸ் மாத்திரை வாங்கித் தந்தார்கள். அதை விழுங்கிவிட்டு அவர் அன்று ஷிப்ட் முடியும்வரை மெஷினில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் வலி திடீரெனக் கூர்மையாகி, சிறிது நேரத்தில் தணிந்தது. தணிந்ததைக் குடும்பத்தார் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டனர். குழாய் அளவுக்கு மீறி விரியும்போது உண்டாகும் வலி, அது வெடித்தவுடன் அந்த இழுவிசை நீங்குவதால் குறைந்துபோவது உண்டு என்பதை அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பிறகு மலம் கழிக்க வேண்டும்போன்ற உந்துதல் வந்து கழிப்பறைக்குச் சென்றவர், எழும்போது கண் இருட்டிச் சுவரைப் பிடித்தபடி சரிந்தார். கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையில் டக்ளஸ் பை என்று அழைக்கப்படும் பள்ளம் ஒன்று உண்டு. வயிற்றறையின் மிகத் தாழ்ந்த பகுதியான அதில் இரத்தம் தேங்கி மலக்குடலை அழுத்துவதால்தான் இத்தகைய உந்துதல் தோன்றுகிறது. வயிற்றுப்போக்கு என்று எண்ணி உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுக்கப்பட்டவர்களையும் அம்மருத்துவர் பிற்காலத்தில் கண்டிருக்கிறார்.

கணவர் இருசக்கர வாகனத்தில் நடுவில் அமர்த்தி, பின்னால் மாமியார் தாங்கிப் பிடிக்க, அப்பெண்ணை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார். அங்கே மேசையில் படுக்கவைத்தபோது அவர் முதலில் சொன்னது வயிற்று வலியைப் பற்றியதன்று. வலத் தோள்பட்டையின் முனை வலிப்பதாகவும், மல்லாந்து படுத்தால் அது கூடுவதாகவும், நிமிர்ந்து உட்கார வைக்கும்படியும் கேட்டுக்கொண்டார். “துணிக்கட்டு தூக்குனதுல சுளுக்கியிருக்கும் போல இருக்குதுங்க” என்று மாமியார் விளக்கம் சொன்னார். பணியிலிருந்த மூத்த செவிலியர் அதைக் கேட்டவுடனேயே பயிற்சி மருத்துவரை அழைத்து, “டாக்டர், நாள் தள்ளியிருக்குதாம், தோள் வலிக்குதாம்” என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அனுபவம் என்பது பெரும்பாலும் இத்தகைய இரண்டு செய்திகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்கத் தெரிவதுதான்.

தோள் வலிப்பதற்கான காரணம் நரம்புகளின் அமைப்பில் இருக்கிறது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பு, கழுத்துப் பகுதியின் தண்டுவடத்திலிருந்து புறப்படுகிறது. தோள்முனையின் தோலுணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்புகளும் அதே பகுதியைச் சேர்ந்தவை. வயிற்றுக்குள் கசிந்த இரத்தம், படுத்த நிலையில் மேல்நோக்கிப் பரவி உதரவிதானத்தின் அடிப்பரப்பைத் தொட்டு உறுத்தும்போது, மூளை அந்த உறுத்தலைத் தோளில் எழுந்த வலியாகப் புரிந்துகொள்கிறது. தசைப்பிடிப்பால் வரும் தோள் வலி கையை அசைத்தால் கூடும், அழுத்தினால் வலிக்கும். இந்த வலியோ கையை எப்படி அசைத்தாலும் மாறுவதில்லை, படுத்தால் கூடும். கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் இருக்கும் ஒரு பெண் இவ்வாறு சொன்னால், வயிற்றுக்குள் இரத்தம் சேர்ந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். அது எச்சரிக்கையின் முதற்படியன்று, கடைசிப் படிகளில் ஒன்று.

அப்பெண்ணின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 114, இரத்த அழுத்தம் 106-க்கு 74, விரல் நுனியில் குத்திப் பார்த்த ஹீமோகுளோபின் 10.2 என்று பதிவாயிற்று. முதல் பார்வைக்கு இவ்வெண்களில் பெரிய அச்சம் தெரியவில்லை; இந்தியப் பெண்களில் பலருக்குச் சாதாரண நாளிலேயே ஹீமோகுளோபின் பத்தையொட்டித்தான் இருக்கிறது. எனினும் இளம் உடல் இரத்த இழப்பை நெடுநேரம் மறைத்துவைக்க வல்லது. இரத்தம் குறையக் குறைய, கை கால்களுக்கும் தோலுக்கும் செல்லும் குழாய்கள் சுருங்கி, இதயம் வேகமாகத் துடித்து அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கின்றன. மொத்த இரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளியேறும்வரைகூட அழுத்தமானி தெளிவான வீழ்ச்சியைக் காட்டாமல் இருக்கலாம். ஹீமோகுளோபின் என்பது செறிவின் அளவு. குடத்திலிருந்து பாதிப் பாலை ஊற்றிவிட்டாலும் எஞ்சிய பால் முன்போலவே கெட்டியாக இருப்பதைப்போல, இழப்பு நேர்ந்த முதல் சில மணி நேரத்தில் அது பெரிதாக இறங்குவதில்லை. ஆகவே ஏட்டில் எழுதப்பட்ட எண்களைவிட, வெளிறிய உள்ளங்கை, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத படபடப்பு ஆகியவையே உண்மையைக் கூறின. சில பெண்களுக்கு வயிற்றுக்குள் இரத்தம் நிறைந்திருக்கும்போதும் நாடி வேகமெடுப்பதில்லை என்பது இன்னொரு சிக்கல். நாடி சீராக இருப்பதைக் கண்டு நிம்மதியடைவதும் பிழையாக முடியலாம்.

இரு கைகளிலும் பெரிய ஊசிகள் ஏற்றப்பட்டன. இரத்த வகை பார்க்கவும் பொருந்தும் இரத்தம் எடுத்துவைக்கவும் மாதிரி அனுப்பப்பட்டது. வீட்டில் செய்த சோதனையை நம்பி விட்டுவிடாமல் சிறுநீர்ப் பரிசோதனை மீண்டும் செய்யப்பட்டது, கோடு தெளிவாக விழுந்தது. படுக்கையருகே கொண்டுவந்த ஸ்கேன் கருவியில் கருப்பை காலியாகத் தெரிந்தது. டக்ளஸ் பையிலும், கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடைப்பட்ட இடுக்கிலும் கருமையாகத் திரவம் தெரிந்தது. மேலே கல்லீரலுக்கு அருகில் வரை திரவம் எட்டியிருக்கிறது என்பதே, உள்ளே சேர்ந்தது சிறிதளவன்று என்பதற்குப் போதுமான சான்று. இதற்குமேல் எச்.சி.ஜி. அளவுக்காகவோ கதிரியல் துறையின் விரிவான ஸ்கேனுக்காகவோ காத்திருக்கத் தேவையில்லை என்று மூத்த மகப்பேறு மருத்துவர் முடிவு செய்தார். இவையெல்லாம் நடந்த ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 86-க்கு இறங்கியிருந்தது.

அறுவை அரங்கில் வயிற்றைத் திறந்தபோது, உறைந்ததும் உறையாததுமாக ஏறக்குறைய ஒன்றே கால் லிட்டர் இரத்தம் வெளியேற்றப்பட்டது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடலில் மொத்தமே கிட்டத்தட்ட மூன்றரை லிட்டர் இரத்தம்தான் இருக்கும். கரு தங்கியிருந்தது வலது கருக்குழாயின் குறுகிய பகுதியில், கருப்பையை ஒட்டிய இடத்துக்கு அருகில். குழாயின் அகன்ற பகுதியில் தங்கும் கரு சற்றுப் பிந்தியே வெடிக்கும், அல்லது குழாயின் வாய்வழியே வயிற்றுக்குள் மெல்லக் கசியும். குறுகிய பகுதியில் இடமில்லாததால் ஏழு வாரம் நிறைவதற்கு முன்பே சுவர் கிழிந்துவிட்டது. அக்குழாயை இரு முனைகளிலும் கட்டி நீக்குவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கட்டியவுடன் இரத்தப்போக்கு நின்றது. இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றப்பட்டு, ஐந்தாம் நாள் அவர் வீடு திரும்பினார். இடது குழாய் நல்ல நிலையில் இருந்ததால் மீண்டும் கருத்தரிக்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது.

கிழிந்த குழாயைக் கட்டினால் உயிர் பிழைக்கும் என்ற இவ்வளவு எளிய உண்மை, மருத்துவ உலகில் நிலைபெற்று நூற்று நாற்பது ஆண்டுகளே ஆகின்றன. இங்கிலாந்தின் பர்மிங்காமில் பணியாற்றிய லாசன் டெயிட் என்னும் அறுவை மருத்துவரிடம், 1881-ல் இத்தகைய நோயாளி ஒருவரைக் காட்டி, வயிற்றைத் திறந்து கிழிந்த குழாயை நீக்கும்படி மற்றொரு மருத்துவர் கேட்டுக்கொண்டார். டெயிட் துணியவில்லை, அப்பெண் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குழாயைப் பார்த்தபோது, கட்டியிருந்தால் பிழைத்திருப்பார் என்பது டெயிட்டுக்குத் தெளிவாயிற்று. 1883 தொடக்கத்தில் அவர் செய்த முதல் அறுவையில் நோயாளி பிழைக்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் செய்த அடுத்த அறுவையில் நோயாளி பிழைத்தார். அதற்குமுன் இந்நோய் கண்ட பெண்களைப் படுக்கவைத்துக் காத்திருப்பதே மருத்துவமாக இருந்தது. இன்று அறுவையின் நுட்பம் ஒரு தடையன்று. நோயாளி எந்த மணியில் மேசைக்கு வந்து சேர்கிறார் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

வெடிப்பதற்குமுன் வந்துசேர்ந்தால் அறுவையே தேவைப்படாமல் போகலாம் என்பதற்கு அம்மருத்துவமனையிலேயே சில மாதங்களுக்குப் பின் வந்த மற்றொரு பெண் சான்று. தொடக்கப் பள்ளி ஆசிரியையான அவர், கிட்டில் கோடு பார்த்த ஐந்தாம் நாள் இடப்பக்கம் இலேசாக வலிக்கிறது என்ற அளவிலேயே புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். ஸ்கேனில் கருப்பைக்குள் எதுவும் தெரியவில்லை. வேறெங்கும்கூட எதுவும் தெரியவில்லை. இந்நிலையில் கரு இன்னும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாகக் கருப்பைக்குள்ளேயே இருக்கலாம், கலைந்துகொண்டிருக்கலாம், அல்லது குழாயில் இருக்கலாம். மூன்றையும் பிரித்தறிய ஒரே நாளின் பரிசோதனை போதாது. இரத்தத்தில் எச்.சி.ஜி. அளவு பார்த்து, 48 மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்து, அது எந்த வேகத்தில் ஏறுகிறது என்று கணிப்பார்கள். தொடக்கத்தில் 1500-க்குக் கீழ் இருக்கும் அளவு, கருப்பைக்குள் நன்றாக வளரும் கர்ப்பத்தில் இரண்டு நாளில் ஏறக்குறைய பாதியளவாவது கூட வேண்டும். ஆசிரியைக்கு முதல் நாள் 840 இருந்தது, இரண்டு நாளில் 1010 மட்டுமே ஆயிற்று. மறு ஸ்கேனில் இடது சூலகத்தை ஒட்டி இரண்டு சென்டிமீட்டர் அளவில் சிறு கட்டி தென்பட்டது. அதில் இதயத்துடிப்பு இல்லை, வயிற்றில் திரவமும் இல்லை.

அவருக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மருந்து தசையில் ஊசியாகச் செலுத்தப்பட்டது. வேகமாகப் பெருகும் உயிரணுக்களில் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்து, கருவின் வளர்ச்சியை நிறுத்துவதே இம்மருந்தின் செயல். உடலின் பரப்பளவுக்கேற்ப, சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற கணக்கில் அது கொடுக்கப்படுகிறது. கர்ப்பம் என்று தெரிந்ததும் வாங்கிவைத்திருந்த ஃபோலிக் அமில மாத்திரைகளை நிறுத்தும்படி அவரிடம் சொன்னபோது, குழந்தைக்கு நல்லதென்று எல்லோரும் சாப்பிடச் சொன்ன மாத்திரையை ஏன் விடச் சொல்கிறார்கள் என்று அவர் கலங்கினார். அதனை உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது. நான்காம் நாள் அளவு 1180 என்று சற்று ஏறியது, அது எதிர்பார்த்ததுதான். ஏழாம் நாள் 790-க்கு இறங்கியது. நான்காம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் குறைந்தது நூற்றுக்குப் பதினைந்து பங்கு இறங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். பிறகு வாரந்தோறும் இரத்தம் எடுத்து, அளவு அடியோடு மறையும்வரை தொடர்ந்து பார்த்தார்கள். இடையில் ஆறாம் நாள் அவருக்கு வலி கூடியபோது இரவிலேயே மருத்துவமனைக்கு வந்துவிட்டார். மருந்துக்குப் பிறகு கரு பிரிவதால் இத்தகைய வலி வருவது இயல்பு என்றாலும், அது பிரியும் வலியா வெடித்த வலியா என்பதை வீட்டிலிருந்தபடி எவராலும் சொல்ல முடியாது. ஸ்கேன் பார்த்து, இரத்தக் கசிவு இல்லை என்று உறுதிசெய்த பிறகே அனுப்பினார்கள். அடுத்த கர்ப்பத்தைக் குறைந்தது மூன்று மாதம் தள்ளிப்போடச் சொல்லியிருந்தார்கள். இம்மருந்து எல்லோருக்கும் ஏற்றதன்று: வெடித்த பிறகும், கருவில் துடிப்புத் தெரிந்த பிறகும், எச்.சி.ஜி. மிக உயர்ந்த பிறகும், தொடர்ந்து பரிசோதனைக்கு வர இயலாதவர்களுக்கும் அறுவையே தக்க வழி.

இவ்விரு பெண்களுக்கும் முன்கூட்டி எச்சரிக்கும் காரணம் எதுவும் இருக்கவில்லை. குழாய்க் கர்ப்பம் காணும் பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அப்படித்தான். எஞ்சியவர்களிடம் பழைய குழாய்க் கர்ப்பம், இடுப்புப் பகுதியில் நோய்த்தொற்று, குழாயில் செய்த அறுவை, குழந்தைப்பேற்றுக்கான சிகிச்சை, புகைப்பழக்கம் ஆகியவற்றில் ஒன்று காணப்படும். ஒருமுறை வந்தவர்களுக்கு மறுமுறை வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று. தமிழ்நாட்டில் தனியே கவனிக்க வேண்டியது குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை. ஆபரேஷன் செய்தாகிவிட்டது, இனிக் கர்ப்பமே இல்லை என்ற நம்பிக்கையால், நாள் தள்ளிப்போய் வயிறு வலித்தாலும் சிறுநீர்ப் பரிசோதனையே செய்யாமல் விடப்படுகிறது. அறுவை தவறுவது அரிது என்பது உண்மை. ஆனால் தவறும்போது உண்டாகும் கர்ப்பம் குழாயிலேயே தங்கும் வாய்ப்பு மிகுதி. 1996-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுள் அறுவைக்குப் பின் கருத்தரித்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது குழாய்க் கர்ப்பமாக இருந்தது. காப்பர் டி பொருத்தியிருக்கும்போது கருத்தரித்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அச்சாதனம் கருத்தரிப்பைப் பெரும்பாலும் தடுக்கிறதே தவிர, அதையும் மீறி உருவாகிக் குழாயில் தங்கிவிட்ட கருவை ஒன்றும் செய்வதில்லை.

கருக்கலைப்பு மாத்திரைகளைப் பற்றி அம்மருத்துவர் நினைவுகூர்வது கசப்பானது. மருத்துவரிடம் செல்லாமல் கடையில் வாங்கி விழுங்கும் அம்மாத்திரைகள் கருப்பையைச் சுருங்கவைத்து இரத்தப்போக்கை உண்டாக்குகின்றன; குழாயிலிருக்கும் கருவை அவை அகற்றுவதில்லை. இரத்தம் பட்டதால் கலைந்துவிட்டது என்று எண்ணி, தொடரும் வலியை மாத்திரையின் வலியாகக் கருதி வீட்டிலேயே இருந்து, மயங்கிய பிறகு தூக்கிவரப்பட்ட பெண்கள் இருந்தனர். திருமணமாகாதவர்கள் அவர்களில் சிலர். உடன் வந்த தாயின் முன்னால் நாள் தள்ளிப்போனதைச் சொல்ல இயலாமல், வயிற்றுவலி என்று மட்டும் சொன்னார்கள். கருத்தரிக்கும் வயதிலுள்ள எந்தப் பெண்ணும் வயிற்று வலியோடும் மயக்கத்தோடும் வந்தால், அவர் சொல்வது எதுவாயினும், சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட்டே மற்றதைப் பேச வேண்டும் என்று மூத்த மருத்துவர் விதித்திருந்த கட்டுப்பாட்டுக்குக் காரணம் அதுதான். கேள்விகளை உறவினரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பதும் அந்தக் கட்டுப்பாட்டின் பகுதியாக இருந்தது.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் வயிறு இலேசாக இழுப்பதும் சிறு கசிவு காண்பதும் பல நல்ல கர்ப்பங்களிலும் உண்டு. வலியோ கசிவோ கண்டு அவசரப் பிரிவுக்கு வரும் கர்ப்பிணிகளில் குழாய்க் கர்ப்பம் உள்ளவர்கள் நூற்றுக்குப் பதினெட்டு வரை இருப்பதாக மருத்துவப் பதிவுகள் கூறுகின்றன. அதாவது ஐந்தில் நால்வருக்கு மேற்பட்டோர் அந்த ஆபத்து இல்லாமலேயே வீடு திரும்புகின்றனர். ஆனால் அந்த ஒருவர் யார் என்பதை வலியின் தன்மையைக் கொண்டோ, கசிவின் அளவைக் கொண்டோ, நோயாளியின் தோற்றத்தைக் கொண்டோ கூற முடியாது. ஸ்கேனும் தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனையும் மட்டுமே கூறும். வீண் அலைச்சல் என்ற தயக்கத்துக்கு இங்கே இடமில்லை என்பதே அம்மருத்துவரின் முடிவு. ஸ்கேனில் கருப்பைக்குள் கரு தெரிந்து நிம்மதியோடு திரும்பியவர்களை அவர் ஒருபோதும் வீணாக வந்தவர்களாகக் கருதியதில்லை.

ஆகவே கிட்டில் இரண்டு கோடு வந்து, கருப்பைக்குள் கரு இருப்பது இன்னும் ஸ்கேனில் உறுதியாகாத நிலையில், அடிவயிற்றில் ஒருபக்கமாகவோ பொதுவாகவோ வலியோ, கசிவோ கண்டால், மறுநாள்வரை காத்திராமல் அன்றே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலி திடீரெனக் கடுமையானாலும், தோள்முனை வலித்தாலும், எழுந்தால் கண் இருட்டினாலும், மயக்கமோ குளிர் வியர்வையோ வந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் உட்காரவைத்துக் கொண்டுசெல்வது தகாது, அறுவை தேவைப்படலாம் என்பதால் வழியில் காப்பியோ இளநீரோ கொடுப்பதும் தகாது. மருத்துவமனை வாசலில் வயிற்று வலி என்று மட்டும் சொல்லி வரிசையில் நிற்க வேண்டாம்: நாள் தள்ளிப்போயிருக்கிறது, பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்திருக்கிறது, இன்னும் ஸ்கேன் பார்க்கவில்லை, இப்போது வலிக்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், கடைசியாக மாதவிலக்கான தேதியையும், குடும்பக் கட்டுப்பாடோ காப்பர் டியோ செய்திருந்தால் அதையும், மாத்திரை எதுவும் விழுங்கியிருந்தால் அதையும் மறைக்காமல் கூறுங்கள்.